என்னைப் பற்றிக் கேட்பார்கள், டாக்டர்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். பதினேழு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் சிஸ்டராக நின்றவள் நான். அங்கே வாயைத் துணியால் கட்டியிருப்பார்கள், பேச்சு மட்டும் நிற்காது. பேசியே கெட்டேன் என்று என் மாமியார் சொல்வார். பேசாமல் இருந்திருந்தால் கெட்டிருப்பேன் என்று நான் சொல்வேன். இந்தச் சண்டை நான்கு மாதமாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது.

நான்கு மாதமாக நான் ஒரு சின்ன க்ளினிக்கில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தேன். பேர் என்ன, வயசு என்ன, காய்ச்சல் எத்தனை நாளா இருக்கு. எடை பார்க்கிற மெஷினில் செருப்போடு ஏறாதீங்க. இதற்காகவா பதினேழு வருஷம் படித்துப் பழகினேன் என்று தினமும் ஒரு தடவை தோன்றும். தியேட்டருக்குள் நிற்பதைத் தவிர எனக்கு உருப்படியாக வேறொன்றும் தெரியாது. கத்தரி எது, கிளாம்ப் எது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிற கை, அங்கே உட்கார்ந்து டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தது.

வேறு ஆஸ்பத்திரிகளுக்கு விண்ணப்பம் போடாமல் இல்லை. இரண்டு இடத்தில் இன்டர்வியூ நன்றாகவே போனது. "உங்க பழைய இடத்துல விசாரிச்சுட்டுச் சொல்றோம்" என்றார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஆளும் இல்லை, பேச்சும் இல்லை. தியேட்டர் வேலைக்கு யார் எடுத்தாலும், கூட வேலை பார்த்த சர்ஜன் ஒருவரின் பேரைக் கேட்பார்கள். கடைசி இரண்டு வருஷத்துக்குள் பார்த்தவராக இருக்க வேண்டும். என் பழைய ஆஸ்பத்திரி சின்னது. அங்கே எல்லா வயிற்று ஆபரேஷனும் செய்தது ஒரே ஒருத்தர்தான். நாங்கள் அவரைப் பெரிய டாக்டர் என்போம். என்னை வெளியே அனுப்பியதும் அவர்தான். என் தலையெழுத்து அவர் வாயில் இருந்தது.

மூன்றாவதாக ஒரு ஆஸ்பத்திரி கூப்பிட்டது. தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர் வேலை. சாதாரண சிஸ்டர் இல்லை, தியேட்டருக்கே பொறுப்பு. ஒரே பஸ்ஸில் போய்விடலாம். எனக்கு வயது நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டுக்கு மேல் இன்சார்ஜாக எடுப்பதில்லை என்று அவர்கள் விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். இதையும் விட்டால் ஆயுசுக்கும் டோக்கன்தான். இன்டர்வியூ முடிந்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மெயில் வந்தது. வியாழக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் எங்கள் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் உங்கள் சர்ஜனை அழைப்பார், அவருக்கு முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள் என்று எழுதி, எந்த நம்பரிலிருந்து அழைப்பு வரும் என்பதையும் போட்டிருந்தார்கள்.

படித்ததும் ஃபோனை வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக்காரர் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க். விண்ணப்பம், விளக்கக் கடிதம், மன்னிப்புக் கடிதம் என்றால் மனிதர் புலி. மெயிலை இரண்டு தடவை படித்துவிட்டு அவர் ஒன்று சொன்னார். போன இரண்டு தடவையும் பெரிய டாக்டர் என்னைப் பற்றித் தப்பாகப் பேசியிருப்பார் என்று நான் திட்டிக்கொண்டிருக்கிறேனே, அவர் பேசியே இருக்க மாட்டாராம். தெரியாத நம்பர் என்றால் அவர் எடுப்பாரா என்று கேட்டார். எடுக்க மாட்டார்தான். அது எனக்குத் தெரியாமலா, அவர் ஃபோனை எத்தனை நாள் நான் பார்த்திருக்கிறேன். யாரும் முன்னால் சொல்லிவைக்கவில்லை, அவர் எடுக்கவில்லை, அந்த ஆஸ்பத்திரிக்காரர்கள் ஆள் கிடைக்கவில்லை என்று எழுதி ஃபைலை மூடியிருப்பார்கள். இந்த மனிதருக்கு இருக்கிற புத்தி எனக்கு ஏன் இல்லாமல் போனது என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

போன தடவைகளில் நான் அவருக்குச் செய்தி அனுப்பாததற்கு மறதி காரணம் இல்லை. ரோஷம். தியேட்டர் டெக்னீஷியன் ஒருத்தர் மூலமாக, பேர் கொடுக்கலாமா என்று கேட்டு வைத்தேன். "குடுக்கச் சொல்லு" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் அவரிடம் பேச எனக்கு மனசு வரவில்லை. ஏன் வரவில்லை என்று தெரிய வேண்டுமானால் அந்த நாளைச் சொல்ல வேண்டும்.

வயிற்று ஆபரேஷனில் ரத்தத்தை ஒற்றி எடுக்கவும், குடலை ஒதுக்கி வைக்கவும் பெரிய துணிகளை உள்ளே வைப்போம். அதை மாப் என்போம். ஐந்தைந்தாகக் கட்டி வரும். ஆரம்பிக்கும் முன் நானும், வெளியில் நின்று உதவுகிற சிஸ்டரும் சேர்ந்து சத்தமாக எண்ணி, போர்டில் எழுதுவோம். வயிற்றை மூடும் முன் மறுபடி எண்ணுவோம். தோலைத் தைக்கும் முன் இன்னொரு தடவை. கணக்கு சரி என்று நாங்கள் சொன்ன பிறகுதான் சர்ஜன் நூலுக்குக் கை நீட்ட வேண்டும். அன்றைக்கு இருபத்தைந்து எண்ணி வைத்தோம். மூடப் போகும்போது எண்ணினால் இருபத்து நாலு.

சொன்னேன். அவர் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்த்தார், இல்லை என்றார். மறுபடி எண்ணினோம், இருபத்து நாலுதான். மயக்க டாக்டர், பிரஷர் இறங்குகிறது, சீக்கிரம் மூடுங்கள் என்று பறந்தார். வெளியே அடுத்த நோயாளி ஸ்ட்ரெச்சரில் காத்திருந்தார். பெரிய டாக்டர் கையை நீட்டி, தைக்கிற ஊசியைக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. ஊசியை என் தட்டிலேயே வைத்து, இரண்டு கையையும் மார்புக்கு நேரே கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு மாப் குறையுது, எக்ஸ்ரே எடுக்காம நான் குடுக்க மாட்டேன் என்றேன். தியேட்டரில் ஒரு சிஸ்டர் இப்படிச் செய்து அவர் பார்த்ததில்லை. நானும் அதுவரை செய்ததில்லை.

மாப்பில் ஒரு நீலக் கோடு ஓடும், எக்ஸ்ரேயில் தெரிவதற்காக. மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து படம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் ஒன்றும் இல்லை. பிறகு தரையெல்லாம் தேடினால், பெரிய டாக்டர் ஏறி நின்ற மிதிபலகைக்கு அடியில், ரத்தம் காய்ந்து பலகையோடு ஒட்டிப்போய்க் கிடந்தது அந்த மாப். நாற்பது நிமிஷம் போய்விட்டது. நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை, நல்லபடியாக எழுந்து வீட்டுக்குப் போனார். ஆனால் பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் சொன்னார், நாற்பது நிமிஷம் ஒரு உயிரைத் திறந்து போட்டுட்டீங்க, கீழ கிடந்த துணிக்காக. நான் சும்மா இருந்திருக்கலாம். அடுத்த தடவையும் இப்படித்தான் செய்வேன் என்றேன். சொன்னேன் அல்லவா, வாய் நீளம்.

ஒரு வாரத்தில் என்னை வார்டுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தம் முடிந்தபோது புதுப்பிக்கவில்லை. காரணம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள்: குழுவோடு அனுசரித்துப் போவதில்லை.

எங்கள் வீட்டுக்காரருக்கு இந்த ஒரு வரிதான் உறுத்தியது. காகிதத்தில் ஏறியதைக் காகிதத்தில்தான் இறக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே உட்கார்ந்து, என் ஃபோனில் அவரே அடித்தார். இப்படி:

"வணக்கம் டாக்டர். வியாழன் மதியம் 2 முதல் 4 மணிக்குள், நான் விண்ணப்பித்துள்ள ஆஸ்பத்திரியின் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் என்னைப் பற்றி விசாரிக்கத் தங்களை அழைப்பார். அழைக்கும் எண் கீழே உள்ளது. பதவி: தியேட்டர் இன்சார்ஜ் சிஸ்டர். எனது 17 வருட அனுபவம், குழுவுடன் ஒத்துழைப்பு, அனுசரித்துப் போகும் குணம் ஆகியவற்றைத் தாங்கள் அழுத்திச் சொன்னால் பேருதவியாக இருக்கும். நன்றி."

யார் கூப்பிடுவார்கள், எப்போது, எந்த நம்பர், என்ன வேலை, என்ன சொல்ல வேண்டும், எல்லாம் இருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் "அனுசரித்துப் போகும் குணம்" என்ற இடத்தில் விரலை வைத்தேன். அதை எடுத்துடுங்க என்றேன். அதுதான் முக்கியம், அதுக்காகத்தானே உன்னை அனுப்பினாங்க என்றார். காலையில் யோசித்து அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். புதன்கிழமை காலை க்ளினிக்கில் கூட்டம். பத்து மணிக்கு ஒரு நிமிஷம் கை சும்மா இருந்தது. யோசித்தால் அனுப்ப மாட்டேன் என்று தெரிந்ததால், யோசிக்காமல் அனுப்பிவிட்டேன்.

அனுப்பி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, எனக்கு உறைத்தது. புதன்கிழமை பெரிய டாக்டருக்கு ஆபரேஷன் நாள். எட்டரைக்கு ஆரம்பித்தால் மூன்று மணி வரை கையில் க்ளவுஸ் இருக்கும். ஃபோனைத் தொட மாட்டார். செய்தி வந்தால் வெளியில் நிற்கிற சிஸ்டர்தான் ஃபோனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்துக் காட்டுவார். அவர் பதில் சொல்லச் சொல்ல, அதே சிஸ்டர் அடித்து அனுப்புவார். உள்ளே, வெளியே என்று முறை மாற்றித்தான் நிற்போம், எத்தனையோ புதன்கிழமை நானே செய்திருக்கிறேன். அவர் வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்பதிலிருந்து, அவர் பெண்ணின் பரீட்சை மார்க் வரை நான் உரக்கப் படித்திருக்கிறேன். நான்கு மாதம் வெளியே இருந்ததில் கிழமையே எனக்கு மறந்துபோயிருந்தது.

அழித்துவிடலாம் என்று ஃபோனை எடுத்தபோது படித்துவிட்டார்கள் என்று காட்டியது. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்த அதே ஆட்கள் முன்னால், அதே விளக்குக்கு அடியில், நான் அனுசரித்துப் போகிறவள் என்று சொல்லும்படி கெஞ்சியது சத்தமாக வாசிக்கப்பட்டிருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. டோக்கன் வாங்க வந்த ஒரு பெரியவர், ஏம்மா உனக்கே உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

பத்தேகால் மணிக்குப் பதில் வந்தது.

"அழைப்பை எடுப்பேன். அனுசரித்துப் போவார் என்று சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். நான் அதை ஏழெட்டுத் தடவை படித்திருப்பேன். எடுக்காமல் விட்டாலாவது ஆள் கிடைக்கவில்லை என்று முடிந்திருக்கும். இப்போது எடுக்கவும் போகிறார், சொல்லவும் மாட்டார். நானே நம்பர் கொடுத்து, நேரம் குறித்துக் கொடுத்து, என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம் அந்தப் பதிலை அடித்தவளுக்கு ஃபோன் போட்டேன். எனக்குப் பிறகு என் இடத்துக்கு வந்தவள். கூட வேலை பார்த்த காலத்தில் தங்கச்சி மாதிரி. ஏன்டி எல்லார் முன்னாடியும் படிச்சே, பார்த்ததும் மூடி வச்சிருக்கக் கூடாதா என்று ஒரு மூச்சு திட்டினேன். அவர்தான் படிக்கச் சொன்னார் அக்கா என்றாள். எல்லாரும் சிரிச்சிருப்பீங்களே என்றேன்.

"யாரும் சிரிக்கலைக்கா," என்றாள். "டாக்டர் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்."

இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், குரல் உடைந்தது, வைத்துவிட்டாள். எனக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். அதற்கும் கோபம்தான் வந்தது.

அன்றைக்கு வீட்டில் யாரோடும் பேசவில்லை. எங்கள் வீட்டுக்காரர் இன்னொரு கடிதம் யோசிக்கட்டுமா என்று மெல்லக் கேட்டார், நான் பார்த்த பார்வையில் எழுந்து போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார். உட்கார்ந்து யோசிக்க யோசிக்க எனக்குப் பெரிய டாக்டர் மேல் கோபம் குறைந்து என் மேலேயே ஏறியது. அவர் பொய் சொல்ல மாட்டேன் என்றிருக்கிறார். பொய் சொல்லச் சொன்னது யார்? நான்தானே. அன்றைக்கு ஊசியைக் கொடுக்க மாட்டேன் என்றவள், இன்றைக்கு அதை மறைத்து, நல்ல பிள்ளை என்று சொல்லுங்கள் என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? அந்த நாற்பது நிமிஷத்துக்கு நானே வெட்கப்படுகிறேன் என்று ஆகிவிடாதா?

அவர் ஏழு மணிக்கு மேல் வார்டு ரவுண்ட்ஸ் எல்லாம் முடித்துவிட்டு, தன் அறையில் தனியாக டீ குடிப்பார். அது எனக்குத் தெரியும். ஏழேகாலுக்கு நானே அடித்தேன். வீட்டுக்காரரிடம் காட்டவில்லை.

"டாக்டர், சரி. அப்படிச் சொல்ல வேண்டாம். அன்றைக்கு நான் உங்களை மூட விடவில்லை, அதைச் சொல்லுங்கள். நாற்பது நிமிஷம் ஆனதையும், மாப் வெளியே கிடைத்ததையும், நான் எதிர்த்துப் பேசியதையும் விடாமல் சொல்லுங்கள். அவர்கள் ஆள் தேடுவது தியேட்டர் இன்சார்ஜ் வேலைக்கு. கணக்கு சரியில்லை என்றால் நிறுத்துவதுதான் அந்த வேலை. அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்றால், எனக்கும் அந்த இடம் வேண்டாம்."

கடைசி வரி வீம்பு. எனக்கு அந்த இடம் வேண்டும், உயிரைக் கொடுத்தாவது வேண்டும். ஆனாலும் அதை அழிக்கவில்லை. படித்துவிட்டார் என்று இரண்டு நிமிஷத்தில் காட்டியது. பதில் வரவில்லை.

வியாழக்கிழமை இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஒரே டோக்கன் நம்பரை இரண்டு பேருக்குக் கொடுத்து, அவர்கள் என் முன்னாலேயே சண்டை போட்டார்கள். நாலு மணி ஆனது, ஐந்து ஆனது. ஃபோன் சும்மா கிடந்தது. முடிந்தது கதை என்று, எடை மெஷினைத் துடைத்து மூடினேன். இனிமேல் இதுதான் நம் தியேட்டர் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு நேரில் வர முடியுமா என்றார்கள். வேலை உண்டா இல்லையா என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டுக்காரர், இல்லைன்னா மெயில்ல சொல்லிட்டுப் போறாங்க, நேர்ல ஏன் கூப்பிடணும் என்றார். எனக்கென்னவோ நேரில் கேட்டுத் திட்டுவதற்குத்தான் என்று பட்டது.

சூப்பரின்டெண்டன்ட் ஐம்பதைத் தாண்டிய அம்மாள். மேஜையில் ஒரு காகிதம்கூடக் கோணலாக இல்லை. இன்டர்வியூவில் பார்த்தபோதே, இவர் தியேட்டரில் நின்று வந்தவர் என்று அந்தக் கையைப் பார்த்துக் கண்டுபிடித்திருந்தேன். உட்காரச் சொன்னார். என்னைப் பற்றிய படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டார்.

வழக்கமாக இந்த விசாரணை அழைப்பு ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும் என்றார். சர்ஜன்கள் நல்ல சிஸ்டர், நேரத்துக்கு வருவார் என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்களாம். உங்கள் டாக்டர் இருபத்தைந்து நிமிஷம் பேசினார் என்றார்.

"சர்ஜனோட எப்படி ஒத்துப்போவாங்கன்னு கேட்டேன். என்னோட ஒத்துப்போகலைன்னு சொன்னார். ஊசியைக் குடுக்காம கையைக் கட்டிக்கிட்டு நின்னதைச் சொன்னார். துணி வெளியே கிடைச்சதையும் சொன்னார். நீங்க எதிர்த்துப் பேசினதையும்."

நான் கேட்டபடியே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கேட்டது நான்தான், ஆனாலும் அடுத்தவர் வாயிலிருந்து வரும்போது உடம்பெல்லாம் கூசியது. தலையை ஆட்டினேன். ஆமாம், எல்லாம் உண்மைதான் என்றேன்.

அந்த அம்மாள் படிவத்தை மேஜையில் வைத்தார். இனி சொல்வதை வழக்கமாகச் சொல்ல மாட்டேன், ஆனால் உங்களிடம் சொல்லலாம் என்று அவரே அனுமதி கொடுத்திருக்கிறார் என்றார்.

"நீங்க போய் ரெண்டாவது மாசம் ஒரு அம்மாவுக்கு ஆபரேஷன். மூடறப்ப கணக்குல ஒண்ணு குறைஞ்சிருக்கு. சிஸ்டர் சொல்லலை. அவரு அவசரமா கையை நீட்டிட்டு நின்னாராம், அவங்க பயந்துபோய் ஊசியைக் குடுத்துட்டாங்க. சார்ட்ல இருபதும் சரியா இருக்குன்னு எழுதிக் கையெழுத்தும் போட்டுட்டாங்க. மூணு வாரத்துல அந்த அம்மா காய்ச்சலோட, வலியோட வந்தாங்க. ஸ்கேன்ல தெரிஞ்சுது. அவரே மறுபடி திறந்து எடுத்தார்."

எந்த அம்மா என்று கேட்டேன். டாக்டர் பேர் சொல்லவில்லையாம்.

"கையெழுத்துப் போட்ட சிஸ்டரைக் கேட்டாராம், ஏம்மா சொல்லலைன்னு. சொன்ன அக்காவுக்கு என்ன ஆச்சுன்னு நாங்க எல்லாரும் பார்த்தோமே டாக்டர்னு அவங்க சொன்னாங்களாம்."

என் இடத்துக்கு வந்தவள். நான் ஏன்டி படிச்சே என்று திட்டினேனே, அவள். என்னைப் பார்த்துத்தான் அவள் பயந்திருக்கிறாள். அவள் அழுதது எனக்காக இல்லை.

இதைச் சொல்லவும் எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு மாதமும் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். இந்த மனிதருக்கு ஒரு நாள் புத்தி வர வேண்டும், நான் சொன்னது சரி என்று இவர் உணர்கிற மாதிரி ஏதாவது நடக்க வேண்டும் என்று, டோக்கன் கிழித்துக்கொண்டே மனசுக்குள் சபித்துக்கொண்டிருந்தேன். நடந்துவிட்டது. யாரோ ஒரு அம்மாவின் வயிற்றுக்குள் நடந்திருக்கிறது. என் சாபம் பலிக்கிற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்லைதான், அது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு மேலதிகாரி முன்னால் நான் அழுததில்லை.

அந்த அம்மாள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். நான் முகத்தைத் துடைக்கும் வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அவர் கடைசியாகச் சொன்ன ஒரு வாக்கியத்தைத்தான் படிவத்தில் எழுதியிருக்கிறேன் என்று சொல்லி, அதைத் திருப்பிக் காட்டினார். பரிந்துரை என்ற கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் இருந்தது.

"இவரை அனுப்பியது என் தவறு. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்."

திங்கட்கிழமை சேர முடியுமா என்று கேட்டார். குரல் கொஞ்சம் இறங்கட்டும், இங்கே எல்லாருக்கும் காது நல்லாவே கேக்கும் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சரி மேடம் என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை எனக்கு வரவில்லை. என்னை அறிந்தவர்கள் யாரும் இதை நம்ப மாட்டார்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். வேலை கிடைத்துவிட்டது என்று வீட்டுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார். ஆனால் முதலில் பெரிய டாக்டருக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. மிக்க நன்றி டாக்டர் என்று அடித்தேன், அழித்தேன். உங்கள் உதவியை மறக்க மாட்டேன் என்று அடித்தேன், அதையும் அழித்தேன். அது எங்கள் வீட்டுக்காரர் எழுதுகிற மாதிரி இருந்தது. கடைசியில் கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன்.

"அந்த அம்மா இப்போ எப்படி இருக்காங்க டாக்டர்?"

சனிக்கிழமை ஆபரேஷன் கிடையாது, ஃபோன் அவர் கையில்தான் இருக்கும். கொஞ்ச நேரம் அவர் அடித்துக்கொண்டிருப்பதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. ஒரு வார்டு ஆயா துடைப்பத்தோடு படியேறி வந்தார், நான் ஒதுங்கி வழிவிட்டேன்.

"நல்லா நடக்கறாங்க. காயம் ஆறிடுச்சு. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கிட்டாங்க. ஆனா இனிமே உங்ககிட்ட காட்ட வரமாட்டேன்னு சொல்லிட்டாங்க. வேற டாக்டர்கிட்ட போறாங்க."

இதற்கு ஆறுதலாக ஏதாவது எழுதியிருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் எழுதியிருப்பார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. அந்தப் படியில் உட்கார்ந்திருந்தபோது, அவர் மேல் எனக்குக் கோபமும் இல்லை, அவரைத் தேற்றவும் மனசு இல்லை. அந்த அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அவங்க இடத்துல நான் இருந்தாலும் வரமாட்டேன் டாக்டர்," என்று அனுப்பினேன்.

"தெரியும்," என்று உடனே பதில் வந்தது.